பகல் இரண்டு மணிக்கு மேல் நான் பார்க்கும் இரண்டாவது வேலை

இரவு பத்து மணிக்கு வேலைக்குப் போய்க் காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறவன் நான். சரக்குக் கிடங்கில் எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து இரவு. எனக்கு முழுப் பகலும் சும்மா கிடக்கிறது என்றுதான் தெரிந்தவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். பல வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். கூடுதலாகக் கொஞ்சம் சம்பாதிக்க வேண்டிய நிலை வந்ததும் அந்தப் பகலை எடுத்துக் கையில் வைத்துக் கணக்குப் பார்த்தேன்.

முதலில் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை எடுத்தேன். காலையில் வந்து ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒரே வரியை மூன்று தடவை படிப்பேன், எண்கள் இடம் மாறிப்போகும். திருப்பி அனுப்பப்பட்டதைச் சரிசெய்வதிலேயே கூலி கரைந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரலாம் என்று பார்த்தால், அவர்கள் பள்ளியிலிருந்து வந்து கைகால் கழுவி உட்காரும் நேரம் நான் வேலைக்கு முன் கண்ணயர வேண்டிய நேரம். இரண்டையும் விட்டுவிட்டேன்.

வேலை கிடைத்தது பக்கத்துப் பகுதியில், தெரிந்த ஒரு வீட்டில். அங்கே இருக்கும் அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். சர்க்கரை உண்டு. கண் பரிசோதனைக்கு ஒரு வார நாள் மதியம் நேரம் கொடுத்திருந்தார்கள். மகள் அலுவலகத்தில் ஏற்கெனவே மூன்று அரை நாள் விடுப்பு எடுத்தாயிற்று. “இன்னொரு தடவை கேட்டா சம்பளத்துல கை வைப்பாங்க. நீங்க கூடப் போயிட்டு வர முடியுமா அண்ணா?” என்று கேட்டார். போனேன். திரும்பி வந்ததும் அவர் பணம் கொடுத்தார், நான் வாங்கவில்லை. அடுத்த வாரம் அவர் தோழி ஒருவர் தன் அப்பாவுக்காகக் கேட்டபோது, “எவ்வளவு தரட்டும்?” என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். அப்போதுதான் உறைத்தது: வார நாள் மதியத்தில் கையில் நேரம் இருப்பது எவ்வளவு பேருக்கு இல்லாத வசதி என்று. இப்படிப்பட்ட பரிசோதனைகளுக்கு மருத்துவமனைகளில் பெரும்பாலும் வேலை நேரத்தில்தான் நேரம் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் வேலையில் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் நிற்கக்கூடியவன் நான்.

ஆனால் தொடக்கத்திலேயே ஒரு பெரிய தவறு செய்தேன். முதலில் கூடப் போன அதே அம்மாவுக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை. காலை எட்டு மணிக்குப் போக வேண்டும். ஆறு மணிக்குத்தானே வெளியே வருகிறேன், நேராகப் போய் அழைத்துக்கொண்டு போனால் ஒன்பதரைக்குள் முடிந்துவிடும், பிறகு தூங்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். காத்திருப்புக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தெரியும். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. எங்கள் எண்ணை அழைத்தார்கள், கடந்துபோய்விட்டார்கள். நான் விழித்தபோது எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பலர் போய்விட்டிருந்தார்கள். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர், காலை பத்தரை வரைக்கும் பச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர் அவ்வளவு நேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கிப்போக வாய்ப்புண்டு. கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. “பரவாயில்ல தம்பி, ராத்திரி பூரா முழிச்சவன்தானே” என்று அவரே என்னைத் தேற்றினார். அந்த வார்த்தை இன்னும் என்னை உறுத்துகிறது.

அன்று நான் விழித்திருந்த நேரத்தைப் பிறகு எண்ணிப் பார்த்தேன். முந்தின நாள் மதியம் மூன்றுக்கு எழுந்தவன் காலை எட்டரைக்கு நாற்காலியில் கண்ணை மூடும் வரை, பதினேழரை மணி நேரம். பதினேழு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மந்தமாகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடித்துவிட்டு வந்தவனை நம்பி யாரும் தன் தாயை அனுப்பமாட்டார்கள். என்னை அனுப்பியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு தூக்கத்தை முதலில் போட்டுவிட்டு மிச்சத்தில்தான் வேலை என்று மாற்றினேன். ஆறேமுக்காலுக்கு வீடு. வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பு விடிந்துவிட்டதென்று எழுந்துகொள்கிறது. ஏழரைக்குப் படுக்கை, அறையில் கனமான திரை, ஒன்றரைக்கு எழுகிறேன். அது ஆறு மணி நேரம். மாலை ஏழரையிலிருந்து எட்டேமுக்கால் வரை இன்னொரு தூக்கம். இரண்டும் சேர்ந்தால் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. எழுந்தவுடன் அரை மணி நேரம் தலை மந்தமாகத்தான் இருக்கும். அதனால் இரண்டேகாலுக்கு முன்பு வாசலைத் தாண்டுவதில்லை. ஆக, பகல் முழுக்கச் சும்மா இருப்பதாகத் தோன்றிய எனக்கு விற்பதற்கு இருப்பது இரண்டேகாலிலிருந்து ஆறரை வரைக்கும்தான்.

ஒரு நாளைப் பிரித்துச் சொல்கிறேன். அந்த அம்மாவையே எடுத்துக்கொள்கிறேன், ஆறு மாதம் கழித்து மறுபடி கண் பரிசோதனைக்குப் போன நாள். மருத்துவர் கொடுத்திருந்த நேரம் மூன்றரை.

முந்தின நாள் மாலையே மகளோடு இருபது நிமிடம் பேசினேன். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டேன். மூன்றுக்கு மேல் எழுதினால் முக்கியமானது விடுபட்டுப்போகிறது என்பது என் அனுபவம். ஒரு தாளில் அவர் சாப்பிடும் மாத்திரைகள், அளவு, எந்த நேரம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று இருக்கும். அது எப்போதும் பைக்குள். பழைய அறிக்கைகள் தேதி வாரியாக. பிறகு மூக்குக்கண்ணாடி, வெயில் கண்ணாடி, தண்ணீர், காதுக்கருவிக்கு மாற்று மின்கலம்.

இரண்டரைக்கு அவர்கள் வீட்டில் இருந்தேன். கிளம்பும்போது மூன்றாகிவிட்டது, வயதானவர்களுக்குச் செருப்பு மாட்டவே நேரம் வேண்டும், அதை அவசரப்படுத்தக் கூடாது. வாடகை வண்டி, அவர்கள் கணக்கில். என் வண்டியில் யாரையும் ஏற்றுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இரவு வேலை பார்க்கிறவன் ஓட்டாமல் இருப்பது நல்லது என்பது ஒன்று. சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீடு கூலிக்கு ஆள் ஏற்றினால் செல்லாமல் போகக்கூடும் என்பது இன்னொன்று.

மூன்று இருபதுக்குப் பதிவு. மூன்றேமுக்காலுக்குப் பார்வை அளந்து, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டார்கள். அது வேலை செய்யவே இருபது முப்பது நிமிடம் ஆகும், சிலருக்கு இரண்டாம் தடவையும் போடுவார்கள். மருத்துவர் பார்த்தது நாலேமுக்காலுக்கு. அவர் அறைக்குள் நாங்கள் இருந்தது பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் மற்ற எல்லாமே.

அறைக்குள் போனதும் அம்மாவே சொல்ல வேண்டும், “இந்தத் தம்பி கூட இருக்கட்டும், எழுதிக்குவார்” என்று. அவர் சொல்லாமல் நான் உள்ளே போவதில்லை. மருத்துவர் சொல்வதை எழுதுகிறேன்: என்ன கண்டார், எந்த மருந்து புதிது, எது நிற்கிறது, எதன் அளவு மாறுகிறது, அடுத்து எப்போது. எழுதியதை அங்கேயே வாசித்துக் காட்டுகிறேன். அப்படி வாசிக்கும்போது மருத்துவரே ஒரு சொல்லைத் திருத்தியது பல முறை நடந்திருக்கிறது.

கட்டாயமாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “பழைய மருந்தை நிறுத்தணுமா, இதையும் சேர்த்துப் போடணுமா?” இதைக் கேட்கக் கற்றுக்கொண்டது வேறொரு பெரியவரிடம். இரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை எழுதினார்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், மாத்திரை டப்பாவில் வேறொரு பெயரில் ஒரு அட்டை. பெரிய எழுத்தில் இருக்கும் பெயர்கள்தான் வேறு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் இரண்டிலும் ஒன்று. இரண்டையும் சாப்பிட்டிருந்தால் அளவு இரட்டிப்பு, தலைசுற்றி விழுந்திருக்கலாம். நான் எதையும் எடுத்து வீசவில்லை, அது என் வேலை இல்லை. இரண்டு அட்டையையும் படமெடுத்து மகனுக்கு அனுப்பி, மருந்துக்கடைக்காரரிடம் உடனே கேட்கச் சொன்னேன். கேட்டார், ஒன்றை நிறுத்தச் சொன்னார்கள். அதிலிருந்து மருந்து வாங்கும்போதே பழைய சீட்டையும் கடையில் காட்டிவிடுகிறேன்.

கண் பரிசோதனை முடிந்து வெளியே வரும்போதுதான் ஆபத்தே. சொட்டு மருந்தின் தாக்கம் பல மணி நேரம் இருக்கும். வெளிச்சம் கூசும், அருகில் இருப்பது மங்கும், படியின் விளிம்பு தெரியாது. வெயில் கண்ணாடியை உள்ளேயே மாட்டிவிட வேண்டும். நடக்கும்போது நான் அவர் கையைப் பிடித்து இழுப்பதில்லை. என் முழங்கைக்கு மேல் அவர் பிடித்துக்கொள்வார், அவருக்கு எந்தக் கால் பலவீனமோ அந்தப் பக்கம் நான். படி ஏறும்போது அவருக்கு ஒரு படி கீழே, பின்னால். இறங்கும்போது ஒரு படி கீழே, முன்னால். இரண்டிலும் நான் கீழேதான் இருக்கிறேன், விழுந்தால் விழும் பக்கம் அதுதான். நாற்காலியிலிருந்து எழுந்ததும் உடனே நடக்கவிடாமல் கொஞ்ச நேரம் நின்று, தலை சுற்றுகிறதா என்று கேட்டுவிட்டு நடக்க வேண்டும்.

மருந்துக்கடை, வண்டி, வீடு. ஆறு மணிக்கு அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். கால் மணி நேரம் மகளோடு தொலைபேசியில் பேசி எழுதியதைச் சொன்னேன், தாளை அம்மாவிடம் கொடுத்தேன். மகளுக்கு அனுப்பிய மருந்துச் சீட்டுப் படங்களை என் கைபேசியிலிருந்து அம்மா முன்னாலேயே அழித்தேன். ஆறேகாலுக்குக் கிளம்பி ஆறரைக்கு என் வீடு.

கூலி விஷயம். ஆரம்பத்தில் நான் ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று வாங்கினேன். மருத்துவர் தாமதமாக வந்த நாளில் ஐந்து மணி நேரம் போய்விட்டது, மணிக்கணக்குப் பார்த்தால் கிடங்குக் கூலியில் பாதிகூட இல்லை. இப்போது அவர்கள் வாசலில் நான் கால் வைப்பதிலிருந்து திரும்ப அதே வாசலைத் தாண்டும் வரை கணக்கு. குறைந்தது மூன்று மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணியும். மேலே சொன்ன நாளில் இரண்டரையிலிருந்து ஆறேகால், மூன்றேமுக்கால் மணி நேரம், நாலு மணி நேரமாகக் கணக்கானது. ஆனால் எனக்கு ஆன நேரம் அது மட்டும் இல்லை. போக வரப் பதினைந்து பதினைந்து நிமிடம், முந்தின நாள் இருபது நிமிடப் பேச்சு, எல்லாம் சேர்த்தால் நாலு மணி முப்பத்தைந்து நிமிடம். இரவு வேலையில் ஒரு மணி நேரத்துக்கு என்ன வாங்குகிறேனோ அதையே இங்கும் வாங்கினால் முப்பத்தைந்து நிமிடம் இலவசம் என்று ஆகும். அதனால் அதைப்போல் ஒன்றேகால் பங்கு வாங்குகிறேன். நாலு மணி நேரத்துக்கு ஐந்து மணி நேரக் கூலி. இது அவர்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்க்க ஒரு வழி: அவர்கள் அரை நாள் விடுப்பு எடுத்தால் எவ்வளவு இழப்பார்கள்? என் கூலி அதற்குக் கீழே இருக்கும்வரை பேரம் வருவதில்லை. மேலே போனால் அவர்களே விடுப்பு எடுத்துக்கொள்வார்கள், அதில் தப்பும் இல்லை.

வாரத்துக்கு இரண்டு பயணம்தான் ஏற்கிறேன். எல்லா வாரமும் நிறைந்தால் மாதத்துக்கு எட்டு, அதாவது நாற்பது மணி நேரக் கூலி, என் கிடங்கு வேலையில் ஒரு வாரச் சம்பளம். உண்மையில் ஐந்தாறுதான் வருகிறது. மூன்றாவது பயணத்தை ஏற்ற வாரங்களில் கிடங்கில் தவறுகள் வந்தன. ஒரு தடவை சரக்குச் சீட்டை மாற்றி ஒட்டினேன். தொடர்ந்து இரண்டு நாள் ஆறு மணி நேரத்துக்குக் கீழே தூங்கியிருந்தால் மூன்றாம் நாள் பயணத்தை ஏற்பதில்லை. அதைக் காலண்டரில் எழுதிவைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன், மனசைக் கேட்டால் எப்போதும் முடியும் என்றே சொல்லும்.

ரத்து செய்வதென்றால் முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுகிறேன். நான் எழுந்த பிறகு ரத்தானால் பாதிக் கூலி. பயணம் உண்டென்று ஒன்றரைக்கு எழுந்துவிட்டேன், இல்லையென்றால் மூன்று வரை தூங்கியிருப்பேன். அந்தத் தூக்கம் திரும்பக் கிடைக்காது.

மறுக்கும் வேலைகளும் உண்டு. மயக்கம் கொடுத்து, உடம்புக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி போன்றவற்றுக்கு நான் போவதில்லை. மருந்தின் தாக்கம் முழுவதும் போகும்வரை, பெரும்பாலும் மறுநாள் வரைக்கும், யாராவது கூட இருக்கச் சொல்வார்கள். ஒன்பதேகாலுக்கு வேலைக்குக் கிளம்புகிறவன் அந்தப் பொறுப்பை ஏற்கவே கூடாது. சொந்தமாக எழுந்து நிற்க முடியாதவரைத் தூக்கும் வேலையும் இல்லை, அதற்குப் பயிற்சி வேண்டும், தவறாகத் தூக்கினால் இருவருக்கும் காயம். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது, பணப்பையை வைத்துக்கொள்வது எதுவும் செய்வதில்லை.

சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களைத் துணைக்கு அழைத்துப்போவது நிலையான வருமானம் போலத் தோன்றும். வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம் அளவுக்கு. போக வர, இயந்திரத்தில் இணைக்க, முடிந்து எழுந்திருக்க என்று பார்த்தால் என் மதியத்துக்குள் அடங்காது. ஒரு தடவையைக்கூட நான் தூங்கிப்போய் விட்டுவிட முடியாத சிகிச்சை அது. கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு நண்பரும் நானும் சேர்ந்து ஒரு பெரியவருக்கு ஒத்துக்கொண்டோம். அவர் கொண்டுபோய் விடுவார், நான் முடியும் நேரத்துக்குப் போய்க் கூட்டிவருவேன். முடிந்து எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அதனால் கூட்டிவரும் ஆள்தான் முக்கியம். மூன்று மாதம் ஓடியது. வாரத்துக்கு மூன்று என்பது என் வரம்பைத் தாண்டியது, நிறுத்திவிட்டு முழுப் பகல் ஓய்வில் இருக்கும் வேறொருவரைக் காட்டிவிட்டேன்.

புதியவர்கள் அழைத்தால் முதல் தடவை அவர்கள் வீட்டில் பெரியவரோடும் பிள்ளையோடும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறேன். என் அடையாள அட்டையைக் காட்டுகிறேன், ஏற்கெனவே போய்வந்த இரண்டு குடும்பங்களின் சம்மதத்தோடு அவர்கள் எண்ணைக் கொடுக்கிறேன். போகும் நாளில் நான்கு செய்தி அனுப்புவேன்: கிளம்பினோம், சேர்ந்தோம், உள்ளே போகிறோம், வீட்டில் இருக்கிறோம். அதற்கு மேல் அனுப்பினால் அலுவலகத்தில் இருப்பவருக்குப் பதற்றம்தான் கூடும். கிடங்கு வேலையோடு வெளியே வேறு வேலை பார்க்கத் தடையில்லை என்று நியமன ஒப்பந்தத்தைப் படித்து, எழுத்திலும் கேட்டு வைத்துக்கொண்டேன். வந்த தொகையைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுகிறேன், வரிக் கணக்கில் அதையும் காட்ட வேண்டும்.

காலை ரத்தப் பரிசோதனைகளை நான் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை உண்டு, மகளுக்கு மறுபடியும் விடுப்புப் பிரச்சினை. ஒரு மதியம் சர்க்கரை மருத்துவரிடம் போயிருந்தபோது அந்த மூன்று கேள்விகளில் ஒன்றாக இதையும் எழுதிக்கொண்டு போனேன்: இதற்கு வெறும் வயிறு கட்டாயமா? மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்குத் தேவையில்லை, எந்த நேரமும் எடுக்கலாம், மற்றவற்றை வீட்டுக்கு வந்து எடுக்கிற ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போது சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு என்னோடு வருகிறார். கிளம்பும்போது, “இன்னைக்கு நல்லாத் தூங்குனியா?” என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. தூங்கிய மணி நேரத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.